பெருக்கினது ஒரு சமன்பாடு, விட்டுப்போனது ஒரு எண்

சர்க்யூட் தியரி பேப்பர்ல மெஷ் அனாலிசிஸ் கணக்கு ஒண்ணு போடுறீங்க. படம் சரி, லூப் சரி, சைன் எல்லாம் சரி. ரெண்டு சமன்பாடு எழுதியாச்சு. எலிமினேஷன்ல விடை வந்துடுச்சு. "சரிபார்க்கலாம்"னு ஒரு சமன்பாட்டில் போட்டுப் பார்க்கிறீங்க, இடமும் வலமும் அழகா சமமா வருது. டிக் போட்டு அடுத்த கேள்விக்குப் போறீங்க. ஆனா விடை தப்பு.

இது எப்படி நடக்கும்? சரிபார்த்த பிறகும் தப்பு எப்படித் தப்பிச்சுது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றித்தான். எலிமினேஷன்ல ரொம்பச் சாதாரணமா நடக்கிற தப்பு ஒண்ணு இருக்கு: ஒரு சமன்பாட்டை ஒரு எண்ணால் பெருக்கும்போது எல்லா உறுப்பையும் பெருக்காம ஒண்ணை மட்டும் அப்படியே விட்டுடுறது. இந்தத் தப்பு எந்தச் சோதனையில் மாட்டும், எந்தச் சோதனையில் நழுவும்னு ஒரு கணக்கை வைத்தே பார்ப்போம்.

கணக்கு

ரெண்டு மெஷ் உள்ள ஒரு சர்க்யூட். இடது மெஷ்ல 12 வோல்ட் பேட்டரி, 5 ஓம் ரெசிஸ்டர். வலது மெஷ்ல 8 ஓம் ரெசிஸ்டர், 6 வோல்ட் பேட்டரி. நடுவில் ரெண்டுக்கும் பொதுவா ஒரு 2 ஓம். ரெண்டு மெஷ் கரண்டும் கடிகாரச் சுற்று. ரெண்டு பேட்டரியும் தத்தம் மெஷ் கரண்டுக்கு உதவுற பக்கமாவே வச்சிருக்கு. கே.வி.எல் எழுதினால்:

7 i1 − 2 i2 = 12 … (1)
−2 i1 + 10 i2 = 6 … (2)

i2-வை நீக்கணும்னா (1)-ஐ 5-ஆல் பெருக்கினா போதும்.

35 i1 − 10 i2 = 60 … (3)

(2)-ஐயும் (3)-ஐயும் கூட்டினால் 33 i1 = 66. ஆக i1 = 2 ஆம்பியர். அதை (2)-ல் போட்டால் i2 = 1 ஆம்பியர். இதுதான் சரியான விடை.

இப்போ தப்பு வழி. (1)-ஐ 5-ஆல் பெருக்கும்போது நம்ம கண்ணு எங்கே இருக்கும்? நீக்கப் போற −2 i2 மேலதான். அது −10 i2 ஆகணும், அதுதான் நோக்கம். அதனால அந்த உறுப்பைப் பெருக்க யாருமே மறக்க மாட்டாங்க. மறந்தா நீக்கலே நடக்காது, உடனே தெரிஞ்சுடும். பக்கத்தில் இருக்கிற 7 i1-உம் பெரும்பாலும் கூடவே பெருக்கப்பட்டுடும். சமன் குறிக்கு அந்தப் பக்கம் தனியா நிற்கிற 12-தான் விட்டுப்போகும். கிடைக்கிறது இது:

35 i1 − 10 i2 = 12 … (3 தப்பு)

(2)-உடன் கூட்டினால் 33 i1 = 18. i1 = 6/11, அதாவது சுமார் 0.545 ஆம்பியர். இந்த வரி வரைக்கும் எல்லாருக்கும் ஒரே பாதை. இதுக்கு அப்புறம் i1-ஐ எந்தச் சமன்பாட்டில் போட்டு i2 கண்டுபிடிக்கிறீங்கங்கிறதுதான் கதையைத் திருப்புது.

மூணு பாதை

முதல் பாதை: i1 = 6/11-ஐ அசல் (1)-ல் போடுறீங்க. 42/11 − 2 i2 = 12. இதிலிருந்து i2 = −45/11, சுமார் −4.09 ஆம்பியர். இப்போ இதே (1)-ல் சரிபார்த்தால் கண்டிப்பா 12 வரும். வராம எப்படி இருக்கும்? (1) சமமா வரணும்னுதானே i2-வையே கண்டுபிடிச்சோம். நாமளே கேள்வியும் எழுதி நாமளே மார்க்கும் போட்ட மாதிரி. (2)-ல் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: −12/11 − 450/11 = −42. வர வேண்டியது 6. மாட்டிக்கிச்சு.

இரண்டாம் பாதை: i1-ஐ (2)-ல் போடுறீங்க. −12/11 + 10 i2 = 6. i2 = 39/55, சுமார் 0.709 ஆம்பியர். இப்போ (2)-ல் சரிபார்த்தால் சமமா வரும், அதே காரணம்தான். (1)-ல் போட்டால் 42/11 − 78/55 = 2.4. வர வேண்டியது 12. இங்கேயும் மாட்டிக்கிச்சு.

இது வரைக்கும் பள்ளியிலயே சொல்லியிருப்பாங்க: "எந்தச் சமன்பாட்டில் போட்டியோ அதை விட்டுட்டு இன்னொண்ணுல சரிபாரு." நல்ல அறிவுரைதான். ஆனா மூணாவது பாதையில் அதுவும் ஏமாத்திடும்.

மூன்றாம் பாதை: பேப்பர்ல பக்கத்திலேயே இருக்குன்னு i1-ஐ பெருக்கின வரியில், அதாவது (3 தப்பு)-ல் போடுறீங்க. 210/11 − 10 i2 = 12. i2 = 39/55. இப்போ பள்ளி அறிவுரைப்படி "இன்னொரு" சமன்பாடான (2)-ல் சரிபார்க்கிறீங்க: −12/11 + 78/11 = 66/11 = 6. சரியா வருது! போட்ட சமன்பாடு வேற, சரிபார்த்த சமன்பாடு வேற, ரெண்டும் ஒத்துப்போகுது, ஆனா விடை தப்பு.

ஏன்னு யோசிச்சுப் பாருங்க. இந்தப் பாதையில் நீங்க தீர்த்தது (2), (3 தப்பு) என்கிற ஜோடியை. அந்த ஜோடிக்கு உங்க விடை நூறு சதவீதம் சரி. கேள்வியில் கொடுத்த (1) இந்த ஆட்டத்துக்குள்ளேயே வரல. வராத சமன்பாடு எப்படிப் புகார் சொல்லும்?

நீங்க தீர்த்தது வேற சர்க்யூட்

(3 தப்பு)-ஐ திரும்ப 5-ஆல் வகுத்துப் பாருங்க.

7 i1 − 2 i2 = 2.4

ரெசிஸ்டர் எல்லாம் அதேதான். பேட்டரி மட்டும் 12 வோல்ட்டுக்குப் பதிலா 2.4 வோல்ட். மாறிலியைப் பெருக்க மறந்ததோட முழு விளைவும் இவ்வளவுதான்: இடது பக்கப் பேட்டரியைக் கழட்டிட்டு அதில் ஐந்தில் ஒரு பங்கு உள்ள பேட்டரியை மாட்டி, அந்தச் சர்க்யூட்டைச் சரியாத் தீர்த்திருக்கீங்க.

அதனாலதான் 0.545, 0.709-னு வந்த விடை பார்க்கச் சந்தேகமே வராத மாதிரி இருக்கு. அது உண்மையிலேயே கட்டக்கூடிய ஒரு சர்க்யூட்டோட விடை. "கரண்ட் அளவு நியாயமா இருக்கா"ன்னு மனசுல ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கிற பழக்கம் நல்லது, ஆனா அது இந்தத் தப்பைப் பிடிக்காது.

இதையே 7 i1-ஐப் பெருக்க மறந்த கேஸோட ஒப்பிட்டுப் பாருங்க. அப்போ வரி 7 i1 − 10 i2 = 60. ஐந்தால் வகுத்தால் 1.4 i1 − 2 i2 = 12. இடது மெஷ்ல மொத்த ரெசிஸ்டன்ஸ் 1.4 ஓம், அதில் பொதுவான 2 ஓம் போக மிச்சம் −0.6 ஓம். நெகட்டிவ் ரெசிஸ்டர்! (2)-உடன் கூட்டினால் 5 i1 = 66, i1 = 13.2 ஆம்பியர். 5 ஓம் வழியா 13.2 ஆம்பியர் போகணும்னா அதுக்கு மட்டுமே 66 வோல்ட் வேணும். இந்தச் சர்க்யூட்ல ரெண்டு பேட்டரியையும் சேர்த்தாலே 18 வோல்ட்தான். இந்தத் தப்பு தானாவே கத்திக் காட்டிக்கொடுக்கும். மாறிலித் தப்புதான் சத்தமில்லாம உட்கார்ந்திருக்கும்.

எந்தச் சமன்பாட்டில் சரிபார்க்கணும்

மூணு பாதையையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு நிலையான முறை கிடைக்குது. ஒரே ஒரு சமன்பாட்டைப் பெருக்கி நீக்கின கணக்குக்கு இது:

பெருக்காத சமன்பாட்டில் போட்டு இரண்டாவது மாறியைக் கண்டுபிடிங்க. பெருக்கின சமன்பாட்டோட அசலில், அதாவது கேள்வியில் இருந்தபடியே இருக்கிற வடிவத்தில், சரிபாருங்க.

இதில் சரிபார்ப்பு சமமா வந்துட்டா விடை சரியா இருந்தே ஆகணும். ஏன்னா விடை (2)-ஐயும் நிறைவேற்றுது, அசல் (1)-ஐயும் நிறைவேற்றுது. ரெண்டு நேர்கோடும் ஒரே புள்ளியில்தான் வெட்டும், ரெண்டுலயும் இருக்கிற புள்ளி அது ஒண்ணுதான். இணையாவோ ஒண்ணு மேல ஒண்ணாவோ இருக்கிற கோடுகளுக்கு இந்தப் பேச்சு பொருந்தாது, ஆனா அங்கே எலிமினேஷன் பண்ணும்போதே ரெண்டு மாறியும் சேர்ந்து காணாமப் போயிடும்.

3-ஆல் ஒண்ணு, 4-ஆல் ஒண்ணுன்னு ரெண்டு சமன்பாட்டையும் பெருக்க வேண்டிய கணக்குன்னா, ரெண்டு அசலிலும் போட்டுப் பாருங்க. ஒண்ணு தானா சமமா வரும், இன்னொண்ணுதான் உண்மையான சோதனை. ஆனா எது எதுன்னு நினைவு வச்சுக்கிற வேலை மிச்சம்.

இடைவெளி என்ன சொல்லுது

சரிபார்ப்பு தப்பாயிடுச்சுன்னு வைங்க. உடனே எல்லாத்தையும் அடிச்சுட்டு முதலிலிருந்து ஆரம்பிக்காதீங்க. வந்த எண்ணே தப்பு எங்கேன்னு சொல்லும்.

மேலே சொன்ன முறைப்படி போனால், மாறிலியை விட்ட கேஸ்ல அசல் (1)-ன் இடது பக்கம் 2.4 வந்துச்சு. வர வேண்டியது 12. 2.4 என்பது 12-ல் சரியா ஐந்தில் ஒரு பங்கு. நாம பெருக்கின எண்ணும் 5. இந்த விகிதம் வந்தா மாறிலியைப் பெருக்கலைன்னு அப்பவே முடிவு பண்ணிடலாம்.

விகிதம் இப்படி வரலைன்னா, இடைவெளியைப் பெருக்கின எண்ணால் பெருக்குங்க. விட்டுப்போன அளவு அப்படியே வெளியே வரும். 7 i1-ஐ விட்ட கேஸ்ல பார்ப்போம். i1 = 13.2; (2)-ல் போட்டால் i2 = 3.24. அசல் (1)-ல்: 92.4 − 6.48 = 85.92. வர வேண்டியது 12, இடைவெளி 73.92. இதை 5-ஆல் பெருக்கினால் 369.6. இப்போ எந்த உறுப்புக்கு இது பொருந்துதுன்னு பாருங்க. 35 i1 எழுத வேண்டிய இடத்தில் 7 i1 எழுதினால் 28 i1 குறையும். 28 × 13.2 = 369.6. அச்சு அசலா அதேதான்.

மாறிலி கேஸையும் இப்படியே பார்க்கலாம்: இடைவெளி 9.6; ஐந்தால் பெருக்கினால் 48; 60-க்குப் பதிலா 12 எழுதினதில் குறைஞ்சது 48. ரெண்டுக்கும் ஒரே விதி. இடைவெளி எதுக்குமே பொருந்தலைன்னா, தப்பு ஒரு உறுப்பைப் பெருக்காம விட்டதில் இல்லை. பெருக்கும்போதோ கூட்டும்போதோ வகுக்கும்போதோ வேற ஏதோ நடந்திருக்கு.

விடை வரைக்கும் காத்திருக்காம பிடிக்கிறது

இந்தத் தப்பைப் பெருக்கின அந்த வரியிலேயே பிடிக்க ஒரு வழி இருக்கு. ஒவ்வொரு சமன்பாட்டுக்கும் பக்கத்தில் அதில் இருக்கிற எல்லா எண்களோட கூட்டுத்தொகையை எழுதிக்குங்க, சமன் குறிக்கு அந்தப் பக்கம் இருக்கிறதையும் சேர்த்து. (1)-க்கு 7 − 2 + 12 = 17. (2)-க்கு −2 + 10 + 6 = 14.

(1)-ஐ 5-ஆல் பெருக்கினா கூட்டுத்தொகையும் 5 மடங்காகணும்: 85. சரியா எழுதின (3)-ல் 35 − 10 + 60 = 85. ஓகே. மாறிலியை விட்ட வரியில் 35 − 10 + 12 = 37. 7 i1-ஐ விட்ட வரியில் 7 − 10 + 60 = 57. ரெண்டுமே அங்கேயே மாட்டிக்கும். அடுத்து கூட்டும்போதும் இது தொடரும்: 85 + 14 = 99; கிடைச்ச வரி 33 i1 = 66, அதில் 33 + 66 = 99.

ரெண்டு சமன்பாட்டுக்கு இது கொஞ்சம் ஓவரா தோணலாம். மூணு மெஷ் கணக்கில், காஸ் எலிமினேஷன் கையால போடும்போது, இதோட அருமை தெரியும். அங்கே நாலாவது வரியில் நடந்த தப்பு கடைசி விடையில்தான் தெரிஞ்சா, பின்னாடி போய்த் தேட முடியாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ரெண்டு எண் இடம் மாறி எழுதினா கூட்டுத்தொகை மாறாது. அதனால இது கடைசிச் சோதனைக்கு மாற்று இல்லை, கூட வர்ற துணை.

கால்குலேட்டரும் தசமமும்

fx-991ES மாதிரி கால்குலேட்டர்ல EQN மோடு இருக்கு. ஆறு எண்ணைத் தட்டினால் x, y வந்துடும். சரிபார்க்க இது போதுமே? போதும், ஆனா எந்த ஆறு எண்ணைத் தட்டுறீங்கங்கிறதில்தான் விஷயம். பேப்பர்ல கடைசியா எழுதின வரியைப் பார்த்து 35, −10, 12-உம் −2, 10, 6-உம் தட்டினா, கால்குலேட்டரும் 6/11, 39/55-னு சொல்லும். மூணாவது பாதையை மெஷினை வச்சு நடந்த மாதிரி. கேள்வித்தாளைப் பார்த்து 7, −2, 12-னு தட்டணும்.

தசமத்தில் சரிபார்க்கும்போது இன்னொரு குழப்பம் வரும். விடையை மூணு தசமத்துக்குச் சுருக்கினா சரியான விடை கூட அச்சா சமமா வராது. எவ்வளவு வரைக்கும் மன்னிக்கலாம்? மூணு தசமத்துக்குச் சுருக்கின ஒவ்வொரு எண்ணிலும் அதிகபட்சம் 0.0005 பிசகும். (1)-ல் அது 7 மடங்கும் 2 மடங்கும் ஆகும். மொத்தம் 9 × 0.0005 = 0.0045. இதுக்குள்ளே இருந்தா சுருக்கினதால வந்தது. அதைத் தாண்டினா "ரவுண்டிங்ல போயிருக்கும்"னு சொல்லித் தப்பிக்க முடியாது.

இந்தச் சோதனை எதைப் பார்க்காது

இதெல்லாம் சமன்பாட்டைச் சரியாத் தீர்த்தோமான்னு மட்டும்தான் சொல்லும். சமன்பாடே சர்க்யூட்டுக்குச் சரியான்னு சொல்லாது. உதாரணமா ரெண்டு வரியிலும் −2-க்குப் பதிலா +2 எழுதியிருந்தா, விடை அந்தத் தப்புச் சமன்பாடுகள் ரெண்டிலும் ஜம்முனு பொருந்தும். அதுக்குப் படத்துக்கே திரும்பிப் போகணும். நடுவில் இருக்கிற 2 ஓமைத் தொடாம வெளிப்புற லூப்பை ஒரு சுற்று சுற்றுங்க: பேட்டரிகள் 12 + 6 = 18 வோல்ட்; ரெசிஸ்டர்களில் இறங்குறது 5 × 2 + 8 × 1 = 18 வோல்ட். சமன்பாட்டைப் பார்க்காம படத்தை மட்டும் பார்த்து இதைச் செஞ்சா அந்தச் சைன் தப்பும் இதில் மாட்டும்.

நீங்களே ஒண்ணு பாருங்க

3x − y = 8
x + 2y = 5

ஒருத்தர் முதல் சமன்பாட்டை 2-ஆல் பெருக்கி, கூட்டி, x = 5.25-னு கண்டுபிடிச்சு, இரண்டாவதில் போட்டு y = −0.125-னு எழுதியிருக்கார். எந்த உறுப்பைப் பெருக்கல? கீழே படிக்கும் முன்னாடி ஒரு நிமிஷம் போட்டுப் பாருங்க.

பெருக்கினது முதல் சமன்பாடு, அதனால அதோட அசலில் சரிபார்க்கணும். 15.75 + 0.125 = 15.875. வர வேண்டியது 8. ஒண்ணு இன்னொண்ணில் பாதி இல்லை, ஆக மாறிலி தப்பில்லை. இடைவெளி 7.875, அதை 2-ஆல் பெருக்கினால் 15.75. 6x எழுத வேண்டிய இடத்தில் 3x எழுதினால் குறையுறது 3x, அதாவது 3 × 5.25 = 15.75. ஆக அவர் எழுதின வரி 3x − 2y = 16. அதை 6x − 2y = 16-னு திருத்தினால் 7x = 21; x = 3, y = 1. அசல் முதல் சமன்பாட்டில் 9 − 1 = 8.